ஒரு பாட்டில் குட்டைத் தண்ணீர் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

"குட்டையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போய், அதில் என்னென்ன விலங்குகள் வாழ்கின்றன என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுகிறார்களாம். ஒரு விலங்குகூடக் கண்ணில் படாமல் இது எப்படி முடியும்? எந்த அளவுக்கு நம்பலாம்?"

முடியும். ஆனால் எவ்வளவு நம்பலாம் என்பது, அந்தத் தண்ணீரிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "இந்தக் குட்டையில் இந்த ஒரு விலங்கு இருக்கிறதா?" என்று கேட்பது ஒரு வகை. "இதில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது இன்னொரு வகை. முதல் கேள்விக்கு நன்கு சோதித்துப் பார்த்த முறைகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு வரும் பதிலைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். நான் இங்கிலாந்தில் இத்தகைய மாதிரிகளைக் கையாளும் ஆய்வக வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எனவே இங்கே ஆண்டுதோறும் பெருமளவில் நடக்கும் ஒரு சோதனையைக் கொண்டே விளக்குகிறேன். அது பெருங்கொண்டை நியூட் என்ற விலங்கைத் தேடும் சோதனை.

நியூட் என்பது பார்ப்பதற்குப் பல்லி போல இருந்தாலும், தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்வி. பெருங்கொண்டை நியூட் பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும். கறுத்த, சொரசொரப்பான தோல். கரும்புள்ளிகள் சிதறிய ஆரஞ்சு நிற வயிறு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகில் ரம்பப் பல் போன்ற கொண்டை எழும்பும். இது பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. இது வாழும் குட்டையை மூடியோ, அதன் அருகே தோண்டியோ வீடு கட்ட வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும். அதனால் ஒரு குட்டையில் இது இருக்கிறதா என்ற கேள்வியில் நிறையப் பணமும் காலமும் அடங்கியிருக்கின்றன. பழைய முறையில் வசந்த காலத்தில் நான்கு முறையாவது போக வேண்டும். இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில்களால் செய்த பொறிகளை இரவு முழுவதும் நீரில் வைத்துக் காலையில் எடுப்பார்கள். நீர்ச்செடிகளின் இலை மடிப்புகளைப் பிரித்து முட்டை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் பெண் நியூட் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியே ஓர் இலைக்குள் மடித்து வைக்கும். இத்தனை செய்தும் அது அகப்படாமல் போவது உண்டு.

விலங்கு ஒளிந்துகொள்ளலாம், ஆனால் தன் உடலிலிருந்து உதிர்வதை அதனால் நிறுத்த முடியாது. உரியும் தோல், மேனியின் வழவழப்புச் சுரப்பு, கழிவு, விந்து, முட்டையைச் சுற்றியுள்ள பசை என எல்லாவற்றோடும் அதன் செல்கள் நீரில் கலந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. உண்டு. செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. ஒரு செல்லுக்கு இரண்டு பிரதிதான். மைட்டோகாண்டிரியாவில் உள்ளதோ நூற்றுக்கணக்கில், சில வகைச் செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால்தான் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.வைத் தேடுகின்றன. இப்படி நீரிலோ மண்ணிலோ உதிர்ந்து கிடப்பதைத்தான் சூழல் டி.என்.ஏ. என்கிறோம்.

அது நீரில் நெடுநாள் நிற்பதில்லை என்பதும் முக்கியம். நுண்ணுயிர்களும் நொதிகளும் வெயிலின் புறஊதாக் கதிரும் சேர்ந்து அதை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. குட்டையிலிருந்து விலங்கை அகற்றிவிட்டால் அதன் டி.என்.ஏ. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். இது சோதனைக்குப் பலம்தான். தெளிந்த நீரில் கிடைக்கும் டி.என்.ஏ. அண்மையில் உதிர்ந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அடிச்சேறு அப்படியல்ல. சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ. மிக நீண்ட காலம் தாங்கும். அதனால் மாதிரி எடுக்கும்போது சேற்றைக் கலக்கிவிட்டால், என்றோ வாழ்ந்த விலங்கு இன்று வாழ்வதாகக் காட்டும் ஆபத்து இருக்கிறது.

மாதிரி எடுப்பதை அருகிலிருந்து பார்ப்போம். எடுப்பவர் நீருக்குள் கால் வைக்கக்கூடாது. அவருடைய பூட்ஸ் நேற்று வேறொரு குட்டைக்குப் போய் வந்திருக்கலாம். புதுக் கையுறை போட்டுக்கொண்டு, உறை பிரித்த புதுக் கரண்டியால் கரையைச் சுற்றி இருபது இடங்களில், இடத்துக்கு 30 மில்லிலிட்டர் வீதம் நீர் மொள்கிறார். மொள்வதற்கு முன் அந்த இடத்து நீரைச் சேறு கிளம்பாதபடி மேலும் கீழும் மெல்லக் கலக்கிவிடுகிறார். இருபதும் ஒரே பையில் சேர்ந்து 600 மில்லி ஆகிறது. பையை மூடிக் குலுக்கிவிட்டு, புதுக் கையுறை மாற்றிக்கொண்டு, அதிலிருந்து 15 மில்லி வீதம் ஆறு குழாய்களில் விடுகிறார். ஒவ்வொரு குழாயிலும் ஏற்கெனவே ஏறத்தாழ 33 மில்லி எத்தனாலும் சிறிது சோடியம் அசிடேட் என்ற உப்பும் இருக்கின்றன. எத்தனால் டி.என்.ஏ. சிதைவதை அடக்குகிறது. உப்பு டி.என்.ஏ.வைக் கரைசலிலிருந்து பிரித்துப் படிய வைக்க உதவுகிறது. மீதி நீரைக் குட்டையிலேயே ஊற்றிவிடலாம். ஆக ஆய்வகத்துக்கு வருவது 90 மில்லி குட்டை நீர்.

இருபது இடங்களில் ஏன்? குட்டையில் டி.என்.ஏ. சீராகக் கலந்திருப்பதில்லை. பெருங்காயக் கட்டி சரியாகக் கரையாத குழம்பு போலத்தான்: ஒரு கரண்டியில் கட்டியே வந்துவிடும், அடுத்த கரண்டியில் வாசனைகூட இருக்காது. நியூட் கரையோரச் செடிகளில் ஒரு பக்கமாகத் திரியலாம். தேங்கிய நீரில் அதன் செல்கள் வெகுதூரம் பரவுவதில்லை. ஒரே இடத்தில் ஒரு லிட்டர் எடுப்பதைவிட, இருபது இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பது இதற்காகத்தான்.

ஆய்வகத்தில் ஆறு குழாய்களையும் சுழற்பொறியில் இட்டு அதிவேகத்தில் அரை மணி நேரம் சுழற்றுகிறோம். மேலே தெளிந்து நிற்கும் திரவத்தை வடித்துவிட்டால் குழாயின் அடியில் லேசான ஒரு கசடு ஒட்டியிருக்கும். பாசி நிறைந்த குட்டையென்றால் பச்சையாகத் தெரியும். தெளிந்த குட்டையென்றால் கண்ணுக்கே தெரியாது. ஆறு கசடுகளையும் ஒன்றாக்கி, புரதம், கொழுப்பு முதலியவற்றைக் கழித்து, டி.என்.ஏ.வை மட்டும் 200 மைக்ரோலிட்டர் திரவத்தில் எடுக்கிறோம். சில துளிகள் அளவுதான். இதில் நியூட்டின் டி.என்.ஏ. மட்டும் இல்லை. பாக்டீரியா, பாசி, வாத்து, மனிதன் என்று எல்லாருடையதும் இருக்கும். நியூட்டினுடையது அதில் மிகச் சிறு பங்கு.

அந்தக் கூட்டத்திலிருந்து நியூட்டை மட்டும் பொறுக்கி எடுப்பது பி.சி.ஆர். என்ற வினை. நியூட்டின் சைட்டோகுரோம்-பி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைக் குறிவைக்கிறோம். டி.என்.ஏ. சிதையும்போது நீளமான துண்டுகள்தான் முதலில் அறுபடும், அதனால் இலக்குத் துண்டு சிறியதாக இருக்க வேண்டும். அந்தத் துண்டின் இரு முனைகளிலும் மட்டும் பொருந்தும்படி செய்த இரண்டு சிறு இழைகள் உண்டு. இவற்றை ப்ரைமர் என்பார்கள். அவை ஒட்டினால்தான் இடைப்பட்ட பகுதி நகலெடுக்கப்படும். நடுவில் பொருந்தும்படி ஒளிச்சாயம் பூட்டிய மூன்றாவது இழை ஒன்றும் இருக்கிறது. நகலெடுக்கும் நொதி அதை வெட்டிக் கடக்கும்போது சாயம் விடுபட்டு ஒளிரும். இந்த மூன்றும் பொருந்தும் எழுத்து வரிசை, அதே குட்டைகளில் வாழும் ஸ்மூத் நியூட், பால்மேட் நியூட் ஆகியவற்றில் இருக்கக்கூடாது. இதைச் சரிபார்க்காமல் எந்தச் சோதனையையும் களத்துக்குக் கொண்டுபோகக்கூடாது.

சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி என்று 55 சுற்றுகள் போகும். ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். திரையில் முதல் முப்பது சுற்றுகள்வரை ஒளியின் அளவைக் காட்டும் ஒரு கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருக்கும். நியூட் இருந்தால், முப்பதுகளின் பிற்பகுதியில் அந்தக் கோடு வளைந்து மேலே ஏறிச் சமனாகும். இல்லாவிட்டால் கடைசிவரை தரையிலேயே கிடக்கும். ஒரே மாதிரியிலிருந்து மூன்று மைக்ரோலிட்டர் வீதம், வினை நடக்கும் தட்டிலுள்ள பன்னிரண்டு சிறு குழிகளில் இதைச் செய்கிறோம். அந்தப் பன்னிரண்டில் ஒன்று ஒளிர்ந்தாலும் "இருக்கிறது" என்பதுதான் இங்கே நடைமுறையிலுள்ள விதி.

ஒன்றே போதும் என்பது அவசரமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். பன்னிரண்டு குழிகளுக்கும் சேர்த்து நாம் செலவிடுவது 36 மைக்ரோலிட்டர், அதாவது இருந்த 200-இல் 18 சதவீதம். 90 மில்லி நீரில் 18 சதவீதம் என்றால் ஏறத்தாழ 16 மில்லி. இவ்வளவு உழைப்பும் மூன்று தேக்கரண்டி அளவு குட்டை நீரைத்தான் உண்மையில் சோதித்திருக்கிறது. பதினைந்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், சராசரி ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டையில் ஒன்றரை லட்சம் லிட்டர் நீர் இருக்கும். இலக்குத் துண்டுகள் சீராகக் கலந்து, பிரித்தெடுப்பதில் எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். நியூட்டைத் தவறவிடும் வாய்ப்பை ஐந்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர, அந்த 16 மில்லியில் சராசரியாக மூன்று பிரதிகளாவது இருக்க வேண்டும். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 185. குட்டை முழுவதற்கும் இரண்டே முக்கால் கோடிக்குச் சற்று அதிகம்.

கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு செல்லில் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. ஆயிரம் பிரதி இருக்கிறது என்று கொண்டால், இது 28 ஆயிரம் செல்கள்தான். உரிந்த தோலின் மெல்லிய படலத்தில் சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்றில் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். அதனால்தான் ஒன்றரை லட்சம் லிட்டர் நீரில் ஒருசில விலங்குகள் இருந்தாலும் பிடிபடுகின்றன. அதே கணக்குதான் நாம் எவ்வளவு விளிம்பில் நிற்கிறோம் என்பதையும் காட்டுகிறது. நடைமுறையில் கலப்பு சீராக இருக்காது, பிரித்தெடுப்பதில் கணிசமான பங்கு வீணாகும். எனவே பன்னிரண்டில் ஒன்று அல்லது இரண்டு குழிகள் மட்டும் ஒளிர்வது, டி.என்.ஏ. மிகக் குறைவாக உள்ள குட்டையில் எதிர்பார்க்க வேண்டிய விளைவுதான்.

இந்த முறை எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பழைய முறைகளோடு நேருக்கு நேர் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நியூட் இருப்பது உறுதியாகத் தெரிந்த குட்டைகளில், அனுபவமுள்ளவர்கள் எடுத்த மாதிரிகளில் 99 சதவீத முறை அது அகப்பட்டது. அதே குட்டைகளில் ஒரு தடவை சென்றால் பாட்டில் பொறிக்கும் டார்ச்சுக்கும் அகப்பட்டது முக்கால்வாசி முறைதான். முட்டை தேடுவதில் பாதிக்கும் குறைவு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் எடுத்த மாதிரிகளில் டி.என்.ஏ. முறைக்கே 91 சதவீதம் கிடைத்தது. இந்த முடிவுகள் 2014-இல் வந்தன. அந்த ஆண்டிலிருந்தே இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து இதை ஏற்றுக்கொண்டது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வாரங்களில்தான் நியூட்டுகள் நீரில் கூடி இனப்பெருக்கம் செய்து தாராளமாக உதிர்க்கின்றன. கோடை முற்றினால் வளர்ந்தவை கரையேறிவிடும். ஆகஸ்ட் கடைசியில் எடுத்த நீரில் "இல்லை" என்று வந்தால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"இல்லை" என்ற விடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலரும் ஏமாறும் இடம் இதுதான். கோடு தரையிலேயே கிடந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நியூட் இல்லாதது ஒன்று. வினையே நடக்காமல் போனது மற்றொன்று. மரங்கள் சூழ்ந்த குட்டைகளில் இலை அழுகித் தேநீர் நிறத்தில் நீர் நிற்கும். அந்த நிறத்தைத் தரும் ஹியூமிக் அமிலங்களும் டானின்களும் நகலெடுக்கும் நொதியை முடக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க, அளவு தெரிந்த வேறொரு டி.என்.ஏ.வை மாதிரியோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். அதன் கோடும் எழும்பாவிட்டால், அல்லது வழக்கத்தைவிடப் பல சுற்றுகள் தாமதமாக எழுந்தால், தடை இருக்கிறது என்று பொருள். மாதிரியை நீர்த்து மறுபடி ஓட்டுவோம். அப்போதும் சரியாகாவிட்டால் "முடிவு காண முடியவில்லை" என்று எழுத வேண்டுமே தவிர, "இல்லை" என்று எழுதக்கூடாது. குழாய் வெயிலில் கிடந்து வரும் வழியிலேயே டி.என்.ஏ. சிதைந்ததா என்பதையும் இதே போல ஓர் அடையாள டி.என்.ஏ.வைக் குழாயில் முன்கூட்டியே இட்டு அறிகிறார்கள். இந்தச் சரிபார்ப்புகளைக் குறிப்பிடாத அறிக்கையில் உள்ள "இல்லை"யை நம்பாதீர்கள்.

"இருக்கிறது" என்பதிலும் பிழை நேரலாம். கழுவாத வலை, பக்கத்துக் குட்டையில் நீந்திவிட்டு வந்த வாத்து, மழையில் வழிந்து வரும் ஓடை என்று வெளியிலிருந்து டி.என்.ஏ. வர வழிகள் உண்டு. ஆய்வகத்துக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. பெருக்கிய நகல்கள் கோடிக்கணக்கில் உள்ள அறையிலிருந்து ஒரு கண்ணுக்குத் தெரியாத துளி, மாதிரி திறக்கும் அறைக்கு வந்தால் போதும். அதனால் இரண்டு வேலைகளும் தனித்தனி அறைகளில் நடக்கும். பெருக்கும் அறையிலிருந்து பிரித்தெடுக்கும் அறைக்கு அன்று யாரும் திரும்புவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் குட்டை நீருக்குப் பதில் சுத்தமான நீரை வைத்துத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டுவோம். அந்தக் குழி ஒளிர்ந்தால் தொகுதி முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

சோதனை பிழையின்றி நடந்தாலும் அது சொல்லாதவை பல. எத்தனை நியூட்டுகள் என்று சொல்லாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஒளிர்ந்த குட்டையில் அதிகம் இருக்கலாம் என்ற தளர்வான தொடர்பு உண்டு. ஆனால் கரையோரம் நீர் எடுத்த இடத்தில் ஒரே ஒரு விலங்கு இருந்தாலும் அதே விடை வரலாம். ஆணா பெண்ணா, முட்டையா முதிர்ந்ததா, உயிரோடு இருப்பதா செத்து மிதந்ததா என்பதும் தெரியாது. மைட்டோகாண்டிரியா தாய்வழியாக மட்டும் வருவதால், இரண்டு இனங்கள் கலந்து பிறந்த விலங்கு தாயின் இனமாகவே தெரியும். எல்லா விலங்குகளும் ஒரே அளவில் உதிர்ப்பதும் இல்லை. வழவழப்பான தோலுடைய தவளை, நியூட், மீன் ஆகியவை நன்றாக அகப்படும். கடின ஓடு போர்த்திய நன்னீர் இறால் வகைகள் மிகக் குறைவாகவே உதிர்ப்பதால் அவற்றைத் தேடும் சோதனைகள் அடிக்கடி தடுமாறுகின்றன.

இப்போது இரண்டாவது கேள்வி: யார் யார் இருக்கிறார்கள்? இதற்கு முதுகெலும்புள்ள பல விலங்குகளுக்கும் பொதுவாகப் பொருந்தும் ப்ரைமரைப் போட்டு, பெருகியவற்றை எல்லாம் வரிசைப்படுத்தி, அதாவது அவற்றின் எழுத்து வரிசையைப் படித்து, ஒவ்வொரு வரிசையையும் பெயர் தெரிந்த இனங்களின் வரிசைகள் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டுகிறார்கள். நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நியூட் சோதனைக்காக எடுத்த மாதிரிகளையே இப்படி ஓட்டி, பிரிட்டனில் 532 குட்டைகளிலிருந்து 60 முதுகெலும்பு இனங்களை இனங்கண்டிருக்கிறார்கள். மீன், இருவாழ்வி மட்டுமல்ல, பறவைகளும் பாலூட்டிகளும் அதில் உண்டு. குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்த விலங்கும் தன் எச்சிலை விட்டுப் போகிறது அல்லவா? அதனால் இந்தப் பட்டியலில் மாடு இருந்தால் மாடு குட்டையில் வாழ்கிறது என்று பொருளில்லை. பன்றியும் கோழியும் இருந்தால் கழிவுநீர் கலக்கிறதா, ஆய்வகப் பொருட்களில் கலப்படமா என்று பார்க்க வேண்டும். மனித டி.என்.ஏ. ஏறத்தாழ எப்போதும் இருக்கும். பட்டியலில் ஓர் இனத்துக்கு எதிரே ஆயிரம் வரிசைகள், இன்னொன்றுக்கு எதிரே பத்து என்று இருந்தால், அதை விலங்குகளின் எண்ணிக்கை விகிதமாகப் படிக்காதீர்கள். ப்ரைமர் எதனோடு நன்றாக ஒட்டுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. அதிகமாக உள்ள மீனின் டி.என்.ஏ., அரிதாக உள்ள நியூட்டின் டி.என்.ஏ.வை அமுக்கிவிடவும் கூடும். அரிய ஓர் இனத்தைத் தேடுவதானால் தனிச் சோதனையே மேல்.

தமிழ்நாட்டுக் குளத்துக்கு இதைக் கொண்டுபோவதென்றால் இங்கிலாந்தின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் டி.என்.ஏ. வேகமாகச் சிதையும். கலங்கிய ஏரி நீரில் துகள்களும் தடைப் பொருட்களும் அதிகம். நல்ல மழைக்குப் பின் நீரின் அளவு பெருகி டி.என்.ஏ. நீர்த்துப்போகும்; வாய்க்கால் வழியே மேல்குளத்து விலங்கின் டி.என்.ஏ.வும் வந்து சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரவுத்தளத்தில் இல்லாத இனத்துக்குப் பெயர் கிடைக்காது. நெருங்கிய உறவினத்தின் பெயர் வந்துவிடும். உங்களுக்கு வரும் பட்டியலில் இந்தியாவில் இல்லாத ஒரு மீனின் பெயரைக் கண்டால் அயல் இனம் புகுந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அதன் உள்ளூர் உறவினங்களின் வரிசைகள் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். இல்லையென்றால், அந்தக் குளத்தில் ஒரு முறை வலை வீசி, கிடைக்கும் மீனின் துடுப்பில் சிறு துண்டு வெட்டி அதையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.